ஒரே C5H12, மூன்று கொதிநிலை: பென்டேன், பியூட்டேன் மாற்றியங்கள் பற்றி

கேள்வி: திருமங்கலத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். C5H12-க்கு மூன்று மாற்றியங்கள், கொதிநிலை 36, 28, 9.5 என்று நடத்தினார்கள். கிளை கூடினால் மேற்பரப்பு குறையும், அதனால் கொதிநிலை குறையும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆனால் உருகுநிலையைப் பார்த்தால் நியோபென்டேனுக்குத்தான் மிக அதிகம். அது எப்படி? இன்னொன்று, என் அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். R600a என்பது ஐசோபியூட்டேன், அதற்குப் பதில் சாதா பியூட்டேனை அடைக்கக் கூடாது என்கிறார். இரண்டும் C4H10 தானே?

தம்பி, கொதிநிலைக்கும் உருகுநிலைக்கும் ஒரே காரணத்தைத் தேடினால் சிக்கிக்கொள்வீர்கள். திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு தொட்டுக்கொண்டு கிடக்கின்றன என்பதுதான் கொதிநிலையைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உருகும்போது இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது: திண்மம் திரவமாகையில் அந்த மூலக்கூறுக்குப் புதிதாக எவ்வளவு சுதந்திரம் கிடைக்கிறது என்பது. முதல் கணக்கில் நியோபென்டேன் கடைசியில் நிற்கிறது. இரண்டாவது கணக்கு அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. உங்கள் அப்பா சொல்வது முழுக்கச் சரி, அதற்கான விடை முதல் கணக்கிலேயே இருக்கிறது. மதுரையில் ஒரு கல்லூரியில் பல வருடங்களாகக் கரிம வேதியியல் நடத்துகிறேன். இந்த உருகுநிலைச் சந்தேகம் வரும் பிள்ளைகள் குறைவு. வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால் பாதிதான் விளங்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஏன் பியூட்டேனுக்கு இரண்டு, பென்டேனுக்கு மூன்று என்பதைச் சரிபார்த்துவிடுவோம். C4H10 என்பது எத்தனை அணுக்கள் என்று மட்டும்தான் சொல்கிறது. எந்தக் கார்பன் எந்தக் கார்பனோடு சேர்ந்திருக்கிறது என்று அது சொல்வதில்லை. நான்கு கார்பனையும் வரிசையாகக் கோத்தால் நார்மல் பியூட்டேன். மூன்றை வரிசையாக வைத்து நான்காவதை நடுக் கார்பனில் மாட்டினால் ஐசோபியூட்டேன், அதாவது 2-மெத்தில்புரப்பேன். நான்காவதை ஓரத்தில் மாட்டினால் சங்கிலி நீண்டு மறுபடி நார்மல் பியூட்டேனே வரும். ஐந்து கார்பனுக்கும் இதே வழிதான். ஐந்தும் வரிசையில் இருந்தால் நார்மல் பென்டேன். நான்கு வரிசையில், ஒன்று கிளையில் என்றால் ஐசோபென்டேன். மூன்று வரிசையில், இரண்டும் நடுக் கார்பனிலேயே என்றால் நியோபென்டேன். அதற்கு மேல் இடமில்லை.

விடைத்தாளில் நான்காவது, ஐந்தாவது என்று வரைந்து வைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் சங்கிலியை வளைத்து வரைந்துவிட்டு அதைப் புதிய சேர்மம் என்று எண்ணியிருப்பார்கள், அல்லது கிளையை வலப்பக்கத்திலிருந்து எண்ணி '3-மெத்தில்பியூட்டேன்' என்று பெயர் வைத்திருப்பார்கள். கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒவ்வொரு கார்பனும் எத்தனை கார்பன்களோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். நார்மல் பென்டேனில் 1, 2, 2, 2, 1 என்று வரும். ஐசோபென்டேனில் ஒரு 3, ஒரு 2, மூன்று 1. நியோபென்டேனில் ஒரு 4, நான்கு 1. நீங்கள் வரைந்த படத்தில் இதே எண்கள் வந்தால், எப்படி வளைத்து வரைந்திருந்தாலும் அது பழைய சேர்மம்தான். இந்தச் சோதனை பென்டேன் வரைக்கும் கச்சிதமாக வேலை செய்யும். ஹெக்சேனுக்குப் போனால் போதாது. அங்கே 2-மெத்தில்பென்டேனுக்கும் 3-மெத்தில்பென்டேனுக்கும் ஒரே எண்கள் வரும், ஆனால் இரண்டும் வேறு வேறு சேர்மங்கள்.

வளைத்து வரைவது ஏன் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் கார்பன் ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி மூலக்கூறு சாதாரண வெப்பநிலையிலேயே ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கிறது. பியூட்டேன் நீட்டிய நிலையிலிருந்து மடங்கிய நிலைக்குத் திரும்ப மோலுக்குச் சுமார் 15 கிலோஜூல் தடையைத் தாண்டினால் போதும். அறை வெப்பத்தில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணற்ற முறை நடக்கும். ஆனால் நார்மல் பியூட்டேன் ஐசோபியூட்டேன் ஆக வேண்டுமென்றால் ஒரு கார்பன் கார்பன் பிணைப்பே அறுந்து வேறிடத்தில் சேர வேண்டும். அந்தப் பிணைப்பின் வலு மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல். அதனால் சிலிண்டருக்குள் இருக்கும் பியூட்டேன் எத்தனை வருடம் கிடந்தாலும் தானாக ஐசோபியூட்டேன் ஆகாது. சுத்திகரிப்பு ஆலையில் அப்படி மாற்றுவதற்கு வினையூக்கி வேண்டும்.

சரி, கொதிநிலைக்கு வருவோம். பென்டேன் கொதிக்கும்போது எந்தப் பிணைப்பும் உடைவதில்லை. நார்மல் பென்டேனை அதன் கொதிநிலையில் ஆவியாக்க மோலுக்கு 26 கிலோஜூல் அளவுதான் தேவை. ஒரு பிணைப்பின் 350-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 26 செலவாவது மூலக்கூறுகளை ஒன்றிடமிருந்து ஒன்று பிரிப்பதற்கு. ஹைட்ரோகார்பனில் நிரந்தரமான நேர் முனை, எதிர் முனை என்று சொல்லத்தக்க அளவில் எதுவும் கிடையாது. ஆனாலும் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு கணம் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சேரும், உடனே பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களும் அதற்கேற்ப விலகும், இரண்டுக்கும் நடுவே சிறிய ஈர்ப்பு பிறக்கும். பாடத்தில் லண்டன் விசை என்று படித்திருப்பீர்கள், அதுதான் இது.

இந்த விசையில் நினைவில் வைக்க வேண்டியது அது தூரத்தோடு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதைத்தான். ஈர்ப்பு ஆற்றல் தூரத்தின் ஆறாவது அடுக்குக்குத் தலைகீழாகக் குறைகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் ஈர்ப்பு 64-இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருக்கும் பகுதிகள்தான் கணக்கில் வரும், தள்ளி இருப்பதெல்லாம் இருந்தும் இல்லாத மாதிரி. 'மேற்பரப்பு குறையும்' என்று உங்கள் ஆசிரியர் சொன்ன ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது இந்த ஆறாவது அடுக்கு. மாட்டுத்தாவணிச் சந்தையில் முருங்கைக்காயைக் கட்டி வைத்திருப்பதையும் எலுமிச்சையைக் குவித்து வைத்திருப்பதையும் நினைத்துப் பாருங்கள். முருங்கைக்காய்கள் நீளவாக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், எலுமிச்சைகள் ஆங்காங்கே ஒரு புள்ளியில்தான் தொடும். நார்மல் பென்டேன் முதல் வகை, நியோபென்டேன் இரண்டாவது வகை. நியோபென்டேனில் இன்னொரு விஷயமும் உண்டு. அதன் நடுக் கார்பனை நான்கு மெத்தில் தொகுதிகள் நாலாபுறமும் மூடிவிடுகின்றன. பக்கத்து மூலக்கூறு எதுவும் அதை நெருங்க முடியாது, அதனால் அதன் எலக்ட்ரான்கள் ஈர்ப்புக்கு அதிகம் உதவுவதில்லை.

இது வெறும் கற்பனைப் படம் இல்லை என்பதற்கு அடர்த்தி ஒரு சாட்சி. 10 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு லிட்டர் நார்மல் பென்டேன் சுமார் 635 கிராம் இருக்கும். அதே வெப்பநிலை அளவில் ஒரு லிட்டர் திரவ நியோபென்டேன் 600 கிராம்தான். ஒவ்வொரு மூலக்கூறின் நிறையும் ஒன்றேதான், எனவே நியோபென்டேன் திரவத்தில் மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஆவியாக்கத் தேவையான வெப்பமும் இதே வரிசையில் குறைகிறது: நார்மலுக்கு 26, ஐசோவுக்கு 25-க்குச் சற்றுக் கீழே, நியோவுக்கு 23-க்குச் சற்றுக் கீழே. கொதிநிலை 36.1, 27.9, 9.5 என்று இறங்குவது இதன் விளைவு.

நமது ஊர் வெயிலை வைத்தே இதை நடத்திப் பார்க்கலாம், மனதுக்குள் மட்டும். பென்டேன் உறைபனிக்கு வெகு கீழேயும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும், ஆகவே உண்மையில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். மே மாதம் மதுரையில் 40 டிகிரி அடிக்கும் மதியத்தில் மூன்று புட்டிகளையும் திறந்தால் மூன்றுமே கொதிநிலையைத் தாண்டியவை. மார்கழி விடியற்காலையில், 20 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, நார்மலும் ஐசோவும் திரவமாக இருக்கும், நியோ அப்போதும் வாயுதான். அப்படியானால் நியோபென்டேனைத் திரவமாகப் பார்க்கக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோகலாமே, குளிர்கால இரவில் அங்கே 9 டிகிரிக்குக் கீழே போகுமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொதிநிலை என்பது ஆவியழுத்தம் சுற்றியுள்ள காற்றழுத்தத்துக்குச் சமமாகும் வெப்பநிலை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. அந்த அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்று கொதிநிலைகளும் ஏழு டிகிரிபோல இறங்கும். நியோபென்டேன் அங்கே 2 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். நன்றாகக் குளிர்ந்த இரவிலும் அது பெரும்பாலும் வாயுவாகவே நிற்கும். பாடப்புத்தகத்தில் உள்ள 36, 28, 9.5 எல்லாம் கடல் மட்ட அழுத்தத்துக்கு உரியவை. ஒப்பிடும்போது மூன்றும் ஒரே அழுத்தத்தில் எடுக்கப்பட்டவையா என்று பாருங்கள்.

'கிளை கூடினால் கொதிநிலை குறையும்' என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒரே வாய்பாடுள்ள ஆல்கேன்களில், கிளையே இல்லாததையும் கிளையுள்ளதையும் ஒப்பிட்டால் தயங்காமல் நம்பலாம். பியூட்டேனில் -0.5, -11.7 என்று அதே கதைதான். கிளைகளின் எண்ணிக்கை சமமாக இருந்து இடம் மட்டும் மாறினால் இந்த வரி கைகொடுக்காது. மேலே சொன்ன 2-மெத்தில்பென்டேன் 60 டிகிரியிலும் 3-மெத்தில்பென்டேன் 63 டிகிரியிலும் கொதிக்கின்றன, இரண்டிலும் ஒரே ஒரு கிளைதான். இந்த மூன்று டிகிரியை மேற்பரப்பு என்ற ஒரு சொல்லால் விளக்க முயல்வதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். திரவத்தில் மூலக்கூறுகள் விறைப்பான குச்சிகளாக நிற்பதில்லை, அவை மடங்கிக்கொண்டும் திரும்பிக்கொண்டும் இருக்கின்றன. முருங்கைக்காய் உவமை அந்த அளவுக்கு நுணுக்கமானது இல்லை.

இப்போது நீங்கள் பிடித்த அசல் விஷயம். உருகுநிலை நார்மல் பென்டேனுக்கு -130, ஐசோவுக்கு -160, நியோவுக்கு -16.6. நியோபென்டேன் நார்மலைவிட நூறு டிகிரிக்கும் மேலே நிற்கிறது. வழக்கமாக இதற்குக் கொடுக்கப்படும் விளக்கம்: நியோபென்டேன் சமச்சீரான உருண்டை, அதனால் படிகத்தில் அழகாக அடுக்கிக்கொள்கிறது, அதனால் வலுவாகப் பிணைந்திருக்கிறது, அதனால் உருக அதிக வெப்பம் வேண்டும். முதல் பாதி சரி. கடைசிப் பகுதி அளவீட்டோடு ஒத்துப்போகவில்லை. நார்மல் பென்டேனை உருக்க மோலுக்கு 8.4 கிலோஜூல் வேண்டும். ஐசோபென்டேனுக்கு 5-க்குச் சற்று மேலே. நியோபென்டேனுக்கு வெறும் 3 சொச்சம். மிக உயர்ந்த வெப்பநிலையில் உருகுவதற்குத்தான் மிகக் குறைந்த வெப்பம் போதுமாக இருக்கிறது. வலுவான படிகம் என்ற விளக்கம் இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

உருகுநிலை என்பது ஒரு பின்னம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே, உருக்குவதற்குத் தேவையான வெப்பம். கீழே, உருகும்போது கூடும் ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி மாற்றம். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் கெல்வின் அளவில் உருகுநிலை கிடைக்கும். மேலே உள்ள எண் சிறியதாக இருந்தாலும், கீழே உள்ள எண் அதைவிடச் சிறியதாகச் சுருங்கிவிட்டால் விடை பெரிதாக வரும். நார்மல் பென்டேன் உருகுவது ஏறத்தாழ 143 கெல்வினில், 8,400 ஜூலை 143-ஆல் வகுத்தால் அதன் என்ட்ரோபி மாற்றம் 59 அளவில் வருகிறது. நியோபென்டேனுக்கு 256 கெல்வின், 3,200 ஜூல் என்று வைத்து வகுத்தால் 12 அல்லது 13தான். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மேலே உள்ள வெப்பம் பாதிக்கும் கீழே போனது, கீழே உள்ள என்ட்ரோபியோ ஐந்தில் ஒன்றானது. அதனால்தான் உருகுநிலை இவ்வளவு ஏறியது.

ஏன் நியோபென்டேனுக்கு உருகும்போது இவ்வளவு குறைந்த சுதந்திரமே கூடுகிறது? ஏனென்றால் அதில் பெரும் பங்கை அது திண்மமாக இருக்கும்போதே எடுத்துக்கொண்டுவிட்டது. உருண்டையான மூலக்கூறு என்பதால் படிகத்தில் தன் இடத்தை விட்டு நகராமலே எந்தத் திசையிலும் திரும்பிக்கொள்ள அதனால் முடியும். -133 டிகிரி அளவில், திண்மத்துக்குள்ளேயே ஒரு மாற்றம் நடக்கிறது. அதற்குக் கீழே மூலக்கூறுகள் ஒழுங்கான திசையில் நிற்கின்றன, அதற்கு மேலே அவை நின்ற இடத்திலேயே சுழல ஆரம்பிக்கின்றன. அந்த மாற்றத்துக்கே மோலுக்கு இரண்டரை கிலோஜூல்போலச் செலவாகிறது. இப்படிப்பட்ட திண்மத்தை நெகிழ் படிகம் என்பார்கள். மெழுகுபோல் மென்மையாக, அழுத்தினால் வடிவம் மாறக்கூடியதாக இருக்கும். இதன் பிறகு -16.6-இல் உருகும்போது மிச்சம் இருப்பது இடம்விட்டு இடம் நகரும் சுதந்திரம் மட்டும்தான். நார்மல் பென்டேனின் கதை வேறு. அதன் படிகத்தில் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் திரும்ப இடமில்லை, மடங்கவும் இடமில்லை. உருகும் அந்த ஒரு கட்டத்தில்தான் நகர்வது, திரும்புவது, மடங்குவது என எல்லாச் சுதந்திரமும் ஒருசேரக் கிடைக்கிறது. அந்த ஆதாயம் பெரியது, ஆகவே குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடுகிறது.

இதன் இன்னொரு விளைவையும் பட்டியலிலிருந்து நீங்களே படித்துக்கொள்ளலாம். நார்மல் பென்டேன் -130-இலிருந்து 36 வரை, 166 டிகிரி நீளத்துக்குத் திரவமாக இருக்கிறது. நியோபென்டேனுக்குக் கிடைப்பது -16.6-க்கும் 9.5-க்கும் நடுவே 26 டிகிரி மட்டுமே.

ஆனால் 'சமச்சீர் கூடினால் உருகுநிலை கூடும்' என்று இதை ஒரு விதியாக எழுதிவைக்காதீர்கள். பியூட்டேனிலேயே அது சறுக்குகிறது. நார்மல் பியூட்டேன் -138-இல் உருகுகிறது, பார்வைக்கு உருண்டையாகத் தெரியும் ஐசோபியூட்டேன் -160-இல் உருகுகிறது. ஐசோபியூட்டேன் முழு உருண்டை இல்லை, ஒரு பக்கம் மூன்று மெத்தில்கள் விரிந்த கூம்புபோன்ற வடிவம் அது. நியோபென்டேன்போல எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி திரும்ப அதனால் முடியாது என்பது பொருத்தமான விளக்கம்தான். ஆனாலும் படத்தைப் பார்த்து உருகுநிலையை முன்கூட்டிச் சொல்வது கொதிநிலையைச் சொல்வதுபோல நம்பகமான வேலை இல்லை. படிகத்தில் எப்படி அடுக்கிக்கொள்ளும் என்பது சிறு சிறு விவரங்களைப் பொறுத்தது. தேர்வில் கேட்டால் கொதிநிலை வரிசையைத் துணிந்து காரணத்தோடு எழுதுங்கள். உருகுநிலைக்கு நியோபென்டேனை மட்டும் தனியாக விளக்குங்கள்.

எல்லாப் பண்புகளும் இப்படிப் பெரிதாக மாறுவதும் இல்லை. வாயுநிலையில் ஒரு மோல் பென்டேனை முழுதாக எரித்தால் எந்த மாற்றியமானாலும் 3,500 கிலோஜூலுக்குச் சற்று மேலேதான் வெப்பம் வரும். நார்மலுக்கும் நியோவுக்கும் உள்ள வித்தியாசம் 21 கிலோஜூல், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. எரிந்து முடிந்தபின் கிடைப்பது அதே கார்பன் டை ஆக்சைடும் நீரும், உடைபடும் பிணைப்புகளின் வகையும் எண்ணிக்கையும் அவையே என்பதால் இப்படி. ஆனால் எரிதல் எப்படித் தொடங்குகிறது என்பதில் கட்டமைப்பு வெளிப்படையாகத் தெரியும். பெட்ரோல் என்ஜினில் நாக்கிங்கைத் தாங்கும் ஆக்டேன் எண் நார்மல் பென்டேனுக்கு 62 அளவு, ஐசோபென்டேனுக்கு 92 அளவு. இதற்கும் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்புக்கும் சம்பந்தமில்லை. நேர்ச்சங்கிலியின் நடுவில் வரிசையாக இருக்கும் CH2 தொகுதிகளிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கித் தானாகத் தீப்பிடிக்கும் தொடர்வினை எளிதாக நடக்கும். மெத்தில்கள் அதிகமான மூலக்கூறில் அந்த வழி அடைபடுகிறது. ஒரு பண்பு மாறினால், அது மூலக்கூறுகளுக்கு இடையே நடப்பதா, மூலக்கூறுக்கு உள்ளே நடப்பதா என்று முதலில் கேட்டுப் பழகுங்கள்.

இனி அப்பாவின் ஃப்ரிட்ஜ். குளிர்பதனத்தில் R600a ஐசோபியூட்டேன், R600 நார்மல் பியூட்டேன். ஃப்ரீசருக்குள் -18 டிகிரி வேண்டுமென்றால், உள்ளே ஓடும் குழாயில் திரவம் அதற்கும் கீழே, -20 அல்லது -25-இல் ஆவியாக வேண்டும். -20-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் ஐசோபியூட்டேனின் ஆவியழுத்தம் சுமார் 0.72 பார், நார்மல் பியூட்டேனுடையது 0.45 பார். காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார், ஆக இரண்டுமே அதற்குக் கீழேதான். ஐசோபியூட்டேன் ஓடும் ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் வாயுவை இழுக்கும் சக்‌ஷன் லைனில் கேஜ் வாக்குவம் பக்கம் நிற்பதை அப்பா தினமும் பார்ப்பார். கணக்குப்படி இந்த நிலையில் 8, 9 அங்குலப் பாதரச வாக்குவம் காட்ட வேண்டும். நார்மல் பியூட்டேனாக இருந்தால் 16, 17 அங்குலத்துக்கு இறங்க வேண்டியிருக்கும்.

கம்ப்ரஸர் ஒவ்வொரு அடிக்கும் இழுக்கும் கன அளவு மாறாதது. அழுத்தம் 0.72-இலிருந்து 0.45-ஆகக் குறைந்தால், அதே கன அளவில் வரும் வாயுவின் நிறை ஐந்தில் மூன்று பங்குக்கு வந்துவிடும். ஒவ்வொரு கிராமும் ஆவியாகும்போது நார்மல் பியூட்டேன் சற்றே அதிக வெப்பம் எடுக்கும், ஆனால் அந்தச் சிறு லாபம் இந்த நட்டத்தை ஈடுகட்டாது. எனவே ஐசோபியூட்டேனுக்கு அளவெடுத்துச் செய்த கம்ப்ரஸரில் நார்மல் பியூட்டேனை விட்டால், ஃப்ரீசர் வேண்டிய குளிருக்கு இறங்காது, தெர்மோஸ்டாட் கட் ஆகாது, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் ஏறும். மதுரை வெயிலில் பின்பக்கக் கம்பிவலையான கண்டன்ஸர் ஏற்கெனவே சூடாக இருக்கும்போது இது இன்னும் மோசம். சக்‌ஷன் பக்கம் வாக்குவம் ஆழமாக ஆக, அங்கே சிறிய கசிவு இருந்தாலும் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். ஈரம் கேபிலரி என்ற மெல்லிய குழாயின் வாயில் பனியாக அடைத்துக்கொண்டால் ஃப்ரிட்ஜ் விட்டு விட்டுக் குளிரும்.

லைட்டருக்கு விற்கும் கேஸிலோ சமையல் சிலிண்டரிலோ இருப்பது சுத்தமான நார்மல் பியூட்டேனும் இல்லை. நமது சமையல் கேஸ் புரப்பேனும் பியூட்டேன்களும் கலந்தது, கசிவை மோந்து கண்டுபிடிக்க மணமூட்டும் கந்தகச் சேர்மமும் சேர்த்தது. லைட்டர் கேஸும் பொதுவாகக் கலவைதான். 50 டிகிரியில், அதாவது வெயில் காலத்தில் கண்டன்ஸர் ஓடக்கூடிய வெப்பத்தில், ஐசோபியூட்டேன் 7 பாருக்குச் சற்றுக் கீழே நிற்கும், புரப்பேன் 17 பாரைத் தொடும். கலவையில் புரப்பேன் எவ்வளவு என்று தெரியாமல் அடைத்தால், சக்‌ஷன் பக்கம் கேஜில் சரியாகத் தெரிந்தாலும் கண்டன்ஸர் பக்கம் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பல சமயம் ஃப்ரிட்ஜ் முதல் சில நாள் குளிர்ந்து நம்மை ஏமாற்றிவிடும்.

அப்பாவிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், R600a-வை ஏன் கேஜைப் பார்த்து அடைக்காமல் டிஜிட்டல் தராசில் வைத்துக் கிராம் கணக்கில் அடைக்கிறார் என்று. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மொத்தமே சில பத்து கிராம்கள்தான் போகும், அந்த எண் கம்ப்ரஸர் பக்கத்து ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். கேஜ் காட்டும் அழுத்தம் திரவம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்வரை வெப்பநிலையைத்தான் பின்தொடரும், உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்பதை அல்ல. ஐந்து கிராம் கூடினாலோ குறைந்தாலோ அது கேஜில் பிடிபடாமல் போய்விடலாம், தராசில் தப்பாது.